ஒரு நிமிட எபிசோடும் அதன் கொக்கியும்: வெர்டிகல் தொடருக்குத் திரைக்கதை எழுதுவது எப்படி?

கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்தபடியே பார்ப்பதற்காக எடுக்கப்படும் தொடர்களை வெர்டிகல் தொடர் அல்லது மைக்ரோ டிராமா என்கிறார்கள். ஓர் எபிசோடு ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு நிமிடம். ஒரு தொடரில் பெரும்பாலும் அறுபது முதல் நூறு எபிசோடுகள் இருக்கும். எல்லாவற்றையும் கோத்தால் ஒரு திரைப்படத்தின் நீளம் வந்துவிடும். சீனாவில் 'துவான்ஜு' என்ற பெயரில் வளர்ந்த வடிவம் இது. 2022-இல் தொடங்கிய ரீல்ஷார்ட், அதைப் போன்ற டிராமாபாக்ஸ் ஆகிய செயலிகள் வழியாக அமெரிக்காவிலும் வேரூன்றியது. இந்தியாவிலும் இப்போது இதற்கென்றே செயலிகள் இருக்கின்றன.

முதல் பத்து எபிசோடு வாக்கில் இலவசமாகக் காட்டுவார்கள். அதற்குப் பிறகு காசு கட்ட வேண்டும், அல்லது விளம்பரம் பார்க்க வேண்டும், அல்லது சந்தா சேர வேண்டும். ஆகவே ஒவ்வொரு எபிசோடின் முடிவிலும் பார்வையாளரின் கட்டைவிரல் ஒரு முடிவை எடுக்கிறது: தொடரலாமா, தள்ளிவிடலாமா? அந்த விரலை நிறுத்துவதற்காகக் கடைசி நொடிகளில் வைக்கப்படுவதுதான் கொக்கி.

புதிதாக எழுத வருகிறவர்கள் கொக்கி என்றால் அதிர்ச்சி என்று நினைத்துவிடுகிறார்கள். ஐம்பது நொடி சாதாரணமாக எழுதிவிட்டுக் கடைசிப் பத்து நொடியில் ஒரு கதவு திறக்கும், ஒரு கன்னத்தில் அறை விழும், யாரோ மயங்கி விழுவார். அது கொக்கி ஆகாது. அந்த நிமிடத்தின் தொடக்கத்திலேயே பார்வையாளர் மனதில் ஒரு செய்தியை ஊன்றிவிட வேண்டும். கடைசி நொடியில் அந்தச் செய்தியிலிருந்து ஒரு கேள்வி எழ வேண்டும். விடை வருவதற்கு முன் வெட்டிவிட வேண்டும். பெரும்பகுதி வேலை முதல் பத்து நொடியிலேயே நடந்து முடிந்துவிடுகிறது.

வார இதழ்த் தொடர்கதைகளில் வளர்ந்த நமக்கு 'தொடரும்' என்பது பழகிய உத்திதான். ஆனால் இரண்டும் செய்கிற வேலை வேறு. வார இதழின் கொக்கி ஏழு நாள் நினைவில் நிற்க வேண்டும். அதனால் அது பெரிய நிகழ்ச்சியாக இருந்தாக வேண்டும். இங்கே அடுத்த எபிசோடு ஒரு விரலசைவில் வந்துவிடுகிறது. கொக்கி சில நொடிகள் தாங்கினால் போதும். எனவே அது சிறியதாக இருக்கலாம். ஆனால் மங்கலாக இருக்கக் கூடாது. பார்வையாளர் மனதில் எழும் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். "அடுத்து என்ன நடக்கும்?" என்று வந்தால் அங்கே கொக்கியே இல்லை என்று பொருள். "கவிதா அந்த அழைப்பை எடுப்பாளா, மாட்டாளா?" என்று, ஓர் ஆளின் பெயரும் இரண்டு வழிகளும் உள்ள கேள்வியாக வந்தால் அது கொக்கி.

கவிதா யார் என்பதற்கு ஒரு கதையைப் பார்ப்போம். திருமண ஜாக்கெட் தைக்கும் கடையை நடத்துகிறாள். துபாய்க்கு வேலைக்குப் போன கணவன் அங்கே இறந்துவிட்டதாகச் செய்தி வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இதோ முதல் எபிசோடு. சீனத் திரைக்கதைகளில் செய்கை வரிகளுக்கு முன் ஒரு முக்கோணக் குறி இடுவார்கள். வசனத்தையும் செய்கையையும் ஒரே பார்வையில் பிரித்தறிய அது வசதி என்பதால் நானும் அதையே கையாள்கிறேன்.

1-1 / உள்ளே / பகல் / தையல் கடை
பாத்திரங்கள்: கவிதா, நந்தினி

△ சுவரில் ஓர் ஆணின் படம். வாடிய மாலையைக் கழற்றிவிட்டுப் புது மாலை போடுகிறது ஒரு கை. கவிதாவின் கை.

நந்தினி (குரல் மட்டும்): அக்கா, இருக்கிறீர்களா?

△ ஆளுயரக் கண்ணாடி முன் நந்தினி, கல்யாண ஜாக்கெட்டில். அவளுக்குப் பின்னால் கவிதா குண்டூசி குத்தி அளவு பார்க்கிறாள்.

நந்தினி: தோளில் பிடிக்கிறது, அக்கா.

கவிதா: மூச்சை விடும்மா. கல்யாணம் என்றைக்கு?

நந்தினி: வெள்ளிக்கிழமை. துபாயிலிருந்து அவர் நேற்றுதான் வந்தார்.

△ கவிதாவின் கை ஒரு கணம் நிற்கிறது.

கவிதா: என் வீட்டுக்காரரும் அங்கேதான் இருந்தார்.

△ மேசையில் நந்தினியின் கைப்பேசி அதிர்கிறது.

நந்தினி: அவர்தான்! அசைந்தால் ஊசி குத்தும். எடுத்துக் கொடுங்கள், அக்கா.

△ கவிதா சிரித்தபடி கைப்பேசியை எடுக்கிறாள். திரையைப் பார்க்கிறாள். சிரிப்பு மறைகிறது.

△ குளோசப்: கைப்பேசித் திரை. அழைப்பவரின் படம். மாலைக்குள் பார்த்த அதே முகம்.

△ கவிதாவின் கட்டைவிரல், பச்சைப் பொத்தானுக்கும் சிவப்புப் பொத்தானுக்கும் நடுவே.

வெட்டு.

வசனம் மொத்தம் முப்பது சொல்லுக்குள் அடங்கிவிட்டது. இதைக் குறை என்று எண்ண வேண்டாம். செய்கைகளுக்கும் முகங்களுக்கும் நேரம் விட்டால் ஒரு நிமிடத்தில் இதற்குமேல் அதிகம் கொள்ளாது. எழுதி முடித்ததும் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, வசனத்தை வாய்விட்டுப் படித்து, செய்கைகளை நீங்களே செய்து பாருங்கள். எழுபது நொடியைத் தாண்டினால் எதையாவது எடுத்தாக வேண்டும்.

ஊன்றுதல் எங்கே நடந்தது என்று பாருங்கள். முதல் ஐந்து நொடியில், வசனமே இல்லாமல். மாலை போட்ட படம் என்றால் இறந்தவர் என்பதை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஐம்பதாவது நொடியில் அதே முகம் கைப்பேசியில் தெரியும்போது இரண்டையும் இணைப்பவர் பார்வையாளர். கவிதா வாய் திறந்து "இவர் என் கணவர்!" என்று கத்தியிருந்தால் அந்த இணைப்பை நாம் பிடுங்கிக்கொண்டிருப்போம். தானாகக் கண்டுபிடித்த ஒன்றை விட்டுவிட்டுப் போக யாருக்கும் மனம் வராது. முதல் ஷாட் இல்லாமல் இதே முடிவைக் கற்பனை செய்து பாருங்கள்: ஒரு பெண் ஒரு கைப்பேசியைப் பார்த்துத் திடுக்கிடுகிறாள், அவ்வளவுதான். யாருடைய முகம் என்பதைப் பிறகு விளக்க வேண்டிவரும். விளக்கத்துக்கு இங்கே நேரம் கிடையாது.

வெட்டு விழுந்த இடத்தையும் கவனியுங்கள். முகத்தை அடையாளம் கண்டதோடு நிறுத்தியிருந்தாலும் அதிர்ச்சி இருந்திருக்கும். ஆனால் அது முடிந்துபோன அதிர்ச்சி. விரல் இரண்டு பொத்தானுக்கு நடுவே நிற்கும்போது ஒரு செயல் பாதியில் நிற்கிறது. பாதியில் நிற்கும் செயல்தான் அடுத்த எபிசோடைத் திறக்க வைக்கும். காட்சி முடிந்த பிறகு வெட்டாதீர்கள். செயலின் நடுவில் வெட்டுங்கள்.

இனி இரண்டாவது எபிசோடு. முதல் மூன்று நொடிகளுக்குள் விடை வந்துவிட வேண்டும். கொக்கி ஒரு கடன்; அடுத்த எபிசோடின் வாசலிலேயே அதை அடைக்காவிட்டால் பார்வையாளர் உங்களை நம்ப மாட்டார். விரல் பச்சைப் பொத்தானில் படுகிறது. கவிதா பேசாமல் காதில் வைக்கிறாள். நான்கு ஆண்டுகளாகக் கேட்காத குரல்: "நந்தினி, கீழேதான் நிற்கிறேன். மேலே வரவா?" எடுப்பாளா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அவன்தானா என்ற ஐயமும் தீர்ந்தது. ஆனால் அந்த விடையே புதிய நெருக்கடியாகிவிட்டது, ஏனென்றால் அவன் படியேறி வருகிறான், சுவரில் மாலையோடு அவன் படம் தொங்குகிறது. மணப்பெண் கண்ணாடியை விட்டுத் திரும்பினால் பார்த்துவிடுவாள். கவிதா ஒரு சரிகைத் துணியை எடுத்துப் படத்தின் மேல் போடுகிறாள். காலடி ஓசை நெருங்குகிறது. கதவு திறக்கிறது. துணி மெல்லச் சரியத் தொடங்குகிறது. வெட்டு.

மூன்றாவது எபிசோடில் துணி விழுகிறது. நந்தினி திரும்புவதற்குள் ஒரு கை அதை எடுத்து மறுபடியும் படத்தை மூடுகிறது. அது கவிதாவின் கை அல்ல, அவனுடைய கை. மாலை போட்ட தன் படத்தைத் தானே மூடிவிட்டு, நந்தினியின் பக்கம் திரும்பிப் புன்னகை செய்கிறான். "படம் தெரிந்துவிடுமா?" என்ற கேள்விக்கு விடை "தெரியவில்லை" என்பதுதான். ஆனால் அதைவிடப் பெரிய ஒன்று வெளிப்பட்டுவிட்டது: தான் இறந்தவனாகக் கருதப்படுவது அவனுக்குத் தெரியும். விடை வந்தபின் கதையின் கேள்வியே மாற வேண்டும். அதே கேள்வி இன்னும் சத்தமாகத் திரும்பி வந்தால் எபிசோடு நகர்ந்தது போலத் தோன்றுமே தவிர, கதை அங்கேயே நிற்கும்.

இந்த மூன்றிலும் கொக்கியின் இயல்பு மாறியிருக்கிறது. முதலாவதில் பார்வையாளரும் கவிதாவும் ஒரே நேரத்தில் அறிகிறார்கள். இரண்டாவதில் பார்வையாளருக்கும் கவிதாவுக்கும் தெரியும், நந்தினிக்குத் தெரியாது. மூன்றாவதில் அவனுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று நமக்குத் தெரியாது. யாருக்கு என்ன தெரியும் என்ற இந்தக் கணக்கை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் எண்பது எபிசோடுகளை ஒரே மாதிரி ஆகாமல் காக்கிறது. இவற்றில் இந்த வடிவத்துக்கு மிகவும் ஏற்றது இரண்டாவது வகை என்பது என் கருத்து. பாத்திரத்தைவிடப் பார்வையாளருக்கு அதிகம் தெரிந்திருந்தால் வசனமே தேவைப்படாது. சரிகிற துணியைக் காட்டினாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

வசனமில்லாமல் புரிவது ஏன் இவ்வளவு முக்கியம்? பலர் பஸ்ஸில், வேலையிடத்தில், பக்கத்தில் குழந்தை தூங்கும்போது, ஒலியை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள். சப்டைட்டில் படத்தோடு சேர்த்தே வரும் என்றாலும், கொக்கி கண்ணால் பார்த்துப் புரிகிற பொருளாகவோ முகமாகவோ செய்கையாகவோ இருப்பது பாதுகாப்பு. "உன்னிடம் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும்" என்ற வசனத்தில் முடியும் எபிசோடு எனக்குப் பிடிப்பதில்லை. பார்க்க அங்கே எதுவும் இல்லை.

நிமிர்ந்த சட்டகம் எழுத்தையும் மாற்றுகிறது. அகலம் ஒன்பது பங்கு என்றால் உயரம் பதினாறு பங்கு. இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் இருவரும் சிறுத்துப்போவார்கள், அல்லது இருவரின் தோளும் வெட்டுப்படும். ஒருவர் முன்னால், மற்றவர் பின்னால் என்று ஆழத்தில் அடுக்க வேண்டும். கடைக்கு ஆளுயரக் கண்ணாடியை நான் தேர்ந்தது இதற்காகத்தான். முன்னால் மணப்பெண், பின்னால் தையற்காரி, அதற்கும் பின்னால் சுவரில் படம். மூன்றும் ஒரே ஷாட்டில், குறுகிய அகலத்துக்குள் நிற்கும். நான்கு பேர் வட்டமாக உட்கார்ந்து பேசும் காட்சியை எழுதினால் கேமரா முகம் முகமாகத் தாவவேண்டிவரும். நிமிடம் அதிலேயே தீர்ந்துவிடும். இன்னொன்று: திரையின் கீழ்ப்பகுதியில் தலைப்பும் வலது ஓரத்தில் பொத்தான்களும் வந்து மறைக்கும். மேசை விளிம்பில் கிடக்கும் தாலியைக் காட்டி முடிக்க வேண்டுமானால் அது கையில் ஏந்தப்பட்டு, முகத்துக்கு அருகே இருக்கும்படி எழுதுங்கள்.

காசு கட்டும் எபிசோடு தனிக் கவனத்துக்குரியது. மற்ற இடங்களில் ஒரு விரலசைவு போதும். இங்கே பார்வையாளர் நின்று, யோசித்து, பணம் செலுத்த வேண்டும். சில நொடிகள் மட்டுமே தாங்குகிற கொக்கி இங்கே அறுந்துவிடும். முதல் எபிசோடிலிருந்தே திறந்து கிடக்கும் பெரிய கேள்வியை இங்கேதான் தொட வேண்டும். நம் கதையில் அது: அவன் ஏன் இறந்ததாக நடித்தான்? முழு விடையையும் கொடுத்துவிட்டால் காசு கட்டக் காரணம் இல்லை. ஒன்றுமே கொடுக்காவிட்டால் இந்த எழுத்தாளர் கடைசிவரை இழுத்தடிப்பார் என்று தோன்றிவிடும். பாதி விடை கொடுங்கள், அந்தப் பாதி கதையின் திசையைத் திருப்பட்டும். பத்தாவது எபிசோடில், கணவன் பெயரில் வந்த காப்பீட்டுத் தொகையைப் பெற்றுக்கொண்ட ரசீது கவிதா கையில் கிடைக்கிறது. அதில் இருப்பது அவளோடு ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சாப்பிடும் மாமியாரின் கையெழுத்து. அப்போது பின்னாலிருந்து மாமியாரின் குரல்: "என்னம்மா தேடுகிறாய்?" வெட்டு.

இது வேலைசெய்ய வேண்டுமானால் அந்தக் கையெழுத்தைப் பார்வையாளர் முன்பே பார்த்திருக்க வேண்டும். ஆகவே ஐந்தாவது, ஆறாவது எபிசோடில் எங்கோ மாமியார் சீட்டுப் பணத்துக்குக் கையெழுத்துப் போடுவதை, அதன் வளைந்த கடைசி எழுத்தோடு, இரண்டு நொடி காட்டியாக வேண்டும். பெரிய கொக்கியின் வேர் நான்கைந்து எபிசோடுகளுக்கு முன்னால் இருக்கும்.

இனி கெட்டுப்போகும் இடங்கள். மிக மோசமானது பொய்க் கொக்கி. முதல் எபிசோடை அப்படி முடித்துவிட்டு, இரண்டாவதில் "முகச்சாயல் ஒன்று போல இருந்தது, வேறு ஆள்" என்று எழுதினால் அந்தப் பார்வையாளர் போய்விடுவார், போவதும் நியாயமே. இரண்டாவது, ஒரே கொக்கி திரும்பத் திரும்ப வருவது. எழுதும்போது இது தெரியாது. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: பத்து எபிசோடுகளின் கடைசி வரிகளை மட்டும் ஒரு தாளில் அடுத்தடுத்து எழுதிப் படியுங்கள். நான்கில் கதவு திறக்கிறது, மூன்றில் யாரோ கைப்பேசியைப் பார்த்துத் திகைக்கிறார்கள் என்றால் உடனே கண்ணில் படும். அடுத்துப் பத்து எபிசோடுகளின் முதல் வரிகளை அதேபோல் எழுதிப் பாருங்கள். அங்கே வணக்கம் சொல்வதும், உட்காருவதும், முன்கதை நினைவூட்டுவதும் இருந்தால் அவை எல்லாம் போக வேண்டும்.

வெளியான பிறகு செயலி நடத்துவோரிடமிருந்து, பார்வையாளர்கள் எந்த நொடியில் விலகுகிறார்கள் என்ற கணக்கு கிடைக்கலாம். அதைப் படிக்கும்போது, ஓர் எபிசோடின் முதல் ஐந்து நொடியில் பலர் விலகியிருந்தால் அந்த எபிசோடு முழுவதையும் திருத்தக் கிளம்ப வேண்டாம். முந்தைய எபிசோடின் கொக்கிக்குக் கிடைத்த விடை சப்பென்று இருந்ததா என்று முதலில் பாருங்கள். நடுவில் விலகியிருந்தால் வசனம் மிகுந்துவிட்டது என்பதே என் முதல் ஐயமாக இருக்கும்.

படப்பிடிப்பையும் எழுத்தாளர் மனதில் வைக்க வேண்டும். ஒரு முழுத் தொடரை ஏழு முதல் பத்து நாட்களுக்குள் எடுத்துவிடுவது இத்துறையில் வழக்கம். எண்பது நிமிடத்தை எட்டு நாளில் எடுப்பதென்றால் நாளொன்றுக்குப் பத்து நிமிடம். கல்யாண மண்டபம், விமான நிலையம், மருத்துவமனை என்று இடங்களைப் பரப்பினால் இது நடக்காது. தையல் கடை, அதன் படிக்கட்டு, கவிதாவின் வீடு, நந்தினியின் வீடு என நான்கு இடங்களுக்குள் முக்கால்வாசிக் கதையை அடைத்துவிடலாம். ஓர் இடத்தில் நடக்கும் எல்லா எபிசோடுகளையும் ஒரே மூச்சில் எடுப்பார்கள் என்பதால், காட்சித் தலைப்பின் கீழ் "படம் துணியால் மூடியிருக்கிறது", "மாலை வாடியிருக்கிறது" என்ற குறிப்புகளை எழுதிவையுங்கள். இல்லையென்றால் மூன்றாவது எபிசோடில் மூடிய படம் நான்காவதில் காரணமின்றித் திறந்து கிடக்கும்.

முதல் தொடரை எழுத உட்காரும்போது வசனத்தில் தொடங்க வேண்டாம். ஒவ்வொரு எபிசோடுக்கும் இரண்டே வரி எழுதுங்கள்: அது முடியும்போது எழும் கேள்வி, அடுத்ததில் வரும் விடை.

எபிசோடு 1. கேள்வி: அழைப்பை எடுப்பாளா? விடை: எடுக்கிறாள், குரல் அவனுடையது, கீழே நிற்கிறான்.

எபிசோடு 2. கேள்வி: நந்தினி படத்தைப் பார்த்துவிடுவாளா? விடை: இல்லை, மூடியது அவனே.

எபிசோடு 3. கேள்வி: நந்தினியிடம் கவிதா உண்மையைச் சொல்லிவிடுவாளா? விடை: வாய் திறக்கிறாள், அவன் தன் கைப்பேசியில் அவள் மகன் பள்ளி வாசலில் நிற்கும் படத்தைக் காட்டுகிறான்.

இப்படி எண்பதையும் எழுதிக்கொண்டு போகும்போது பதினைந்து, இருபது இடங்களிலாவது கேள்வி வராமல் கை நிற்கும். அங்கே ஒரு திடீர்க் கதவையோ மயக்கத்தையோ போட்டு நிரப்பாதீர்கள். அந்த எபிசோடை முந்தையதோடு சேர்த்து ஒன்றாக்குங்கள். தொடர் எண்பதிலிருந்து அறுபத்தைந்தாகக் குறைந்தால் குறையட்டும்.